பண்டிகை லைவ் விற்பனை: ஸ்கிரிப்டை முழுசாக எழுதுவதா, பாயிண்ட் போதுமா, சுழற்சி முறையா?

பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது சின்ன அளவில் துணியோ வீட்டுச் சாமானோ விற்பவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "ஒரு மணி நேரம் லைவ் போடப்போறேன், நடுவில் மூணு டைம் ஆஃபர் இருக்கு. பேச வேண்டியதை வரிக்கு வரி எழுதிக்கலாமா, பாயிண்ட் மட்டும் போதுமா?" இப்போது மூன்றாவதாக ஒரு வழியும் சேர்ந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரிப்டை எழுதி, அதையே ஐந்தாறு முறை சுற்றி வருவது. நான் மூன்றையும் செய்து பார்த்தவன். மூன்றிலும் ஒருமுறையாவது மாட்டிக்கொண்டவனும்கூட.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ்புக் தன் லைவ் ஷாப்பிங் வசதியை 2022 அக்டோபரில் நிறுத்தியது. லைவில் பொருளை டேக் செய்யும் வசதியை இன்ஸ்டாகிராம் 2023 மார்ச்சில் எடுத்துவிட்டது. அந்த இரண்டிலும் லைவ் போடுபவர்களுக்கு இப்போது 'வாங்கு' பட்டனும் கிடையாது, திரையில் தானாக ஓடும் கடிகாரமும் கிடையாது. ஆர்டர் கமெண்டில் வரும், பணம் மெசேஜ் வழியே வரும். பட்டன் செய்த வேலையை ஹோஸ்டின் வாய்தான் செய்ய வேண்டும். டிக்டாக் ஷாப் மாதிரி கடையே உள்ளே இருக்கும் தளங்களில் இந்தப் பாரம் கொஞ்சம் குறைவு. அங்கே திரையில் ஓடும் நேரமும் நீங்கள் சொல்லும் நேரமும் முட்டாமல் இருந்தால் போதும்.

## எதை வைத்து எடை போடுவது

"எது நன்றாக இருக்கும்" என்று யோசித்தால் பதில் வராது. நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

ஆஃபர் சொன்ன நேரத்தில் திறந்து, சொன்ன நேரத்தில் மூடுகிறதா. நான்கில் இதுதான் பெரிது. மற்ற மூன்றும் சுமாராக இருந்தாலும் லைவ் ஓடிவிடும். இது சொதப்பினால் மறுநாள் முழுக்க மெசேஜில் சண்டைதான்.

நடுவில் வந்தவருக்குப் புரிகிறதா. லைவுக்கு யாரும் கடைக்கு வருவதுபோல் வாசல் வழியாக வருவதில்லை. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் எட்டிப் பார்ப்பார்கள். என்ன விற்கிறது, எப்படி ஆர்டர் போடுவது என்று ஒரு நிமிடத்துக்குள் தெரியாவிட்டால் போய்விடுவார்கள்.

கேள்விக்கு இடம் இருக்கிறதா. "அளவு என்ன, சாயம் போகுமா, பண்டிகைக்கு முன்னாடி வந்து சேருமா" என்ற மூன்றுக்கும் பதில் சொல்லாமல் யாரையும் வாங்க வைக்க முடியாது.

உண்மை தவறாமல் இருக்கிறதா. விலை, எண்ணிக்கை, கடைசி டெலிவரி தேதி, திரும்ப எடுப்போமா மாட்டோமா ஆகியவை வாய்தவறி மாறக்கூடாது.

தயாரிப்புக்கு ஆகும் நேரத்தை ஐந்தாவதாகச் சேர்க்கலாம். ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் போகிறபோக்கில் சொல்லிக்கொள்கிறேன்.

## வரிக்கு வரி எழுதுவது

முதல்முறை கேமரா முன் நிற்பவருக்கு இது தரும் தைரியத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. கையில் தாள் இருக்கிறது என்பதே பாதி நடுக்கத்தைப் போக்கிவிடும். உண்மை தவறாமை என்ற அளவுகோலிலும் மூன்றில் இதற்குத்தான் முதலிடம். டெலிவரி தேதியை எழுதி வைத்துப் படிப்பவர் அதை மாற்றிச் சொல்ல மாட்டார்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், முதலில் அளவில். நான் பொருளைக் காட்டிக்கொண்டே பேசும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல். ஒரு மணி நேரத்துக்கு 6,000 சொல். தள்ளி நின்று படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சிட்டால் ஏறக்குறைய 30 பக்கம். அதை எழுத இரண்டு நாள் ஆகும். லைவ் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் ஒரு நிறம் தீர்ந்துபோனால், அதற்கப்புறம் உள்ள பல பக்கங்கள் பொய்யாகிவிடும்.

இரண்டாவது செலவு நம் மொழியில் இருக்கிறது. உட்கார்ந்து எழுதினால் "இவ்விரிப்பு தூய பருத்தியால் நெய்யப்பட்டது" என்றுதான் கை போகும். அதைப் படித்தால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். சரி, பேச்சுத் தமிழிலேயே எழுதலாம் என்றால், "போட்டுக்கிட்டீங்கன்னா", "துவைச்சாலும்" போன்ற சொற்களைத் தாளில் பார்த்து வேகமாகப் படிக்க நமக்குப் பழக்கம் இல்லை, கண் தடுக்கும். முழு ஸ்கிரிப்ட் வைத்துப் பேசுபவர்கள் பாதி வழியில் தாளைக் கீழே போட்டுவிடுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விற்றது படுக்கை விரிப்பு. ஆறு டிசைன், டபுளும் சிங்கிளுமாக மொத்தம் 72. லைவ் இரவு 8 மணிக்கு. முதல் ஆஃபர் 8:15 முதல் 8:20 வரை. ஒன்றாம், இரண்டாம் டிசைன்களுக்கு 20 சதவீதம் குறைவு. அந்த ஆஃபருக்கு ஒதுக்கியது டபுள் 16, சிங்கிள் 8. இரண்டே நிமிடத்தில் டபுள் பதினாறும் போய்விட்டது. சிங்கிள் மூன்றுதான் போனது. என் தாளில் அந்த இடத்தில் எழுதியிருந்தது: "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு, எல்லா அளவும் இருக்கு, சீக்கிரம் போடுங்க." பார்த்துப் படித்தேன். ஆஃபர் மூடும் வரை இரண்டு முறை படித்தேன். பக்கத்தில் இருந்த தம்பி கையை ஆட்டியதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் என் கண் தாளில் இருந்தது. இல்லாத டபுளுக்கு 11 பேர் ஆர்டர் போட்டார்கள். அதில் நான்கு பேர் பணமும் அனுப்பிவிட்டார்கள். பணத்தைத் திருப்பி அனுப்பி, ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்போது மணி பதினொன்றரை.

நல்ல பிள்ளையாகத் தாளைப் படித்ததில்தான் தவறு நடந்தது. டைம் ஆஃபரில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று நேரம், இன்னொன்று ஸ்டாக். நேரத்தை முன்கூட்டியே எழுதிவிடலாம். ஸ்டாக்கை எழுத முடியாது.

முழு ஸ்கிரிப்ட் சரியாக வரும் இடங்களும் உண்டு. ஒரே பொருள், ஸ்டாக் தாராளம், 15 அல்லது 20 நிமிட லைவ் என்றால் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். மருந்து, அழகுப் பொருள் மாதிரி ஒரு சொல் கூடினாலும் சிக்கல் வரும் பொருளென்றால் எழுதித்தான் ஆகவேண்டும். காசு கொடுத்து வெளியாள் ஒருவரை ஹோஸ்டாகக் கூப்பிட்டிருந்தாலும் அப்படித்தான். உங்கள் பொருளைப் பற்றி அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், வாங்கியவர் கேட்பது உங்களைத்தான்.

## பாயிண்ட் மட்டும் வைத்துக்கொள்வது

அரைப் பக்கச் சீட்டு. நிமிடம், பொருள், சொல்ல வேண்டிய மூன்று விஷயம். மிச்சம் எல்லாம் வாயில் வருவது. கேள்விக்கு இடம் என்ற அளவுகோலில் இதற்கு ஈடு கிடையாது. யாரோ "ஓரத் தையல் காட்டுங்க" என்றால் உடனே விரிப்பைப் புரட்டிக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம். அந்த அரை நிமிடம் பல சமயம் நாம் தயாரித்துப் பேசிய பத்து நிமிடத்தைவிட அதிகம் விற்றுக்கொடுக்கும்.

மறைந்திருக்கும் செலவு, உற்சாகம்தான். கமெண்ட் மளமளவென்று வரும்போது வாய் தானாக நீளும். "இந்த விலைக்கு இனிமே எப்பவும் கிடைக்காது" என்று சொல்லிவிடுவோம். அடுத்த வாரம் அதே விலைக்குப் போட்டால் அந்தப் பதிவு சாட்சியாக இருக்கும். மூடும் நேரம் வந்ததும் "சரி, உங்களுக்காக இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று நீட்டிவிடுவோம். நேரத்துக்குள் போட்டவர்கள் அதைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று அப்போது தோன்றாது. அடுத்த ஆஃபருக்கு யாரும் அவசரப்பட மாட்டார்கள், எப்படியும் நீட்டுவார் என்று தெரிந்துவிட்டதே.

இது மரியாதை பற்றிய விஷயம் மட்டுமில்லை. குறைந்த நேரத்துக்குத்தான் கிடைக்கும் என்று பொய்யாகச் சொல்லி உடனே முடிவெடுக்க வைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே நியாயமற்ற வணிக முறைகளின் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இணைய விற்பனையில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகளைத் தடுக்க இந்தியாவில் 2023 நவம்பர் இறுதியில் வந்த வழிகாட்டுதலிலும் 'பொய்யான அவசரம்' ஒரு தனி வகையாகவே இருக்கிறது.

பாயிண்ட் சீட்டு யாருக்கு ஒத்துவரும் என்றால், பொருளைத் தானே தேர்ந்தெடுத்து, தானே மடித்து, தினமும் அதைப் பற்றிப் பேசுபவருக்கு. கூடவே ஸ்டாக்கையும் நேரத்தையும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் தனியாக நிற்பவருக்கு இது ஆபத்து.

## சுழற்சி ஸ்கிரிப்ட்

12 நிமிடத்துக்கு ஒரு வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 நிமிடம் வரவேற்பும் ஆர்டர் போடும் முறையும், 5 நிமிடம் பொருள், 3 நிமிடம் ஆஃபர், 2 நிமிடம் கேள்வி. ஒரு மணி நேரத்தில் ஐந்து வட்டம். எப்போது வந்தாலும் அதிகபட்சம் 12 நிமிடத்துக்குள் எல்லாம் புரிந்துவிடும் என்பதால் நடுவில் வருபவருக்கு இதைவிட நல்ல முறை இல்லை. எழுத வேண்டியதும் 1,200 சொல்தான், மூன்றாம் வட்டத்துக்குள் மனப்பாடமே ஆகிவிடும்.

ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஆஃபரை ஐந்து வட்டத்திலும் "கடைசி மூணு நிமிஷம்" என்று சொன்னால், முதலிலிருந்து உட்கார்ந்திருப்பவர் ஐந்து முறை அந்தக் 'கடைசி'யைக் கேட்பார். சுழற்சி முறையை நேர்மையாகச் செய்ய ஒரே வழி ஸ்டாக்கையும் வட்டத்துக்கு வட்டம் பிரித்துவிடுவது. 60 விரிப்பு இருந்தால் வட்டத்துக்கு 12. ஒவ்வொரு வட்டத்திலும் வேறு டிசைன். அப்போது "இந்த டிசைனுக்கு இதோடு ஆஃபர் முடிஞ்சது" என்று சொல்வது உண்மையாகவே இருக்கும். ஒரே ஒரு டிசைன்தான் இருக்கிறது என்றால் இந்த முறைக்குள் டைம் ஆஃபரை வைக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொரு செலவு தொண்டை. நான்காம் வட்டத்தில் குரலில் உப்புச் சப்பு இருக்காது, அது திரையில் தெரியும். இரண்டு பேர் மாறி மாறிப் பேச முடிந்தால்தான் மூன்று மணி நேர லைவுக்கு இதைப் பரிந்துரைப்பேன்.

## ஒரே பார்வையில்

| | வரிக்கு வரி | பாயிண்ட் சீட்டு | சுழற்சி |
|---|---|---|---|
| ஆஃபர் நேரம் காப்பது | ஸ்டாக் மாறாதவரை நன்று | கூட ஆள் இருந்தால் நன்று | ஸ்டாக்கைப் பிரித்தால் நன்று |
| நடுவில் வந்தவருக்கு | கடினம் | ஹோஸ்டின் நினைவைப் பொறுத்தது | மிக எளிது |
| கேள்விக்கு இடம் | மிகக் குறைவு | நிறைய | வட்டத்தின் கடைசியில் மட்டும் |
| உண்மை தவறாமை | மிக நன்று | உற்சாகத்தில் நழுவும் | நன்று |
| மறைந்த செலவு | எழுதும் நாட்கள், பழசாகும் பக்கங்கள் | உதவியாள், வாய்தவறுதல் | தொண்டை, பழைய பார்வையாளரின் சலிப்பு |
| எப்போது எடுப்பது | ஒரே பொருள், குறைந்த நேரம், வெளி ஹோஸ்ட் | சொந்தப் பொருள், சில டிசைன், சிறு குழு | நீண்ட லைவ், பல டிசைன், இரண்டு ஹோஸ்ட் |

## நான் இப்போது செய்வது

பாயிண்ட் சீட்டுதான். ஆனால் ஒவ்வொரு ஆஃபருக்கும் மூன்று இடத்தில் மட்டும் முழு வாக்கியம் எழுதி வைத்திருப்பேன்: திறக்கும் வரி, தீர்ந்தால் சொல்லும் வரி, மூடும் வரி. இவற்றில் மட்டும் ஒரு சொல்லும் மாறக்கூடாது. மிச்ச நேரம் முழுக்க வாய் அதன் போக்கில் போகலாம்.

அதே விரிப்பு, அதே 8:15 ஆஃபர். சீட்டில் இருப்பது இவ்வளவுதான்:

> திறக்க: "இப்போ மணி எட்டு பதினஞ்சு. ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் ரெண்டுக்கும் இருபது சதவீதம் குறைவு. டபுள் பதினாறு, சிங்கிள் எட்டு, அவ்வளவுதான். நம்பரும் அளவும் போடுங்க: 'ரெண்டு டபுள்'னா ரெண்டாம் டிசைன், டபுள் சைஸ். எட்டு இருபதுக்கு எங்க கிட்டேருந்து 'மூடியாச்சு'ன்னு ஒரு கமெண்ட் வரும். அதுக்கு முன்னாடி வந்தது எல்லாம், ஸ்டாக் இருக்கிற வரைக்கும், வரிசைப்படி செல்லும்."
>
> தீர்ந்தால்: "டபுள் தீர்ந்துருச்சு. சிங்கிள் ___ இருக்கு. டபுள் வேணும்னா 'வெயிட்டிங்'னு போடுங்க, முன்னாடி போட்டவங்க அரை மணி நேரத்துல பணம் அனுப்பலைன்னா வரிசைப்படி உங்களைக் கூப்பிடுவோம்."
>
> மூட: "எட்டு இருபது. மூடியாச்சு. மிச்சம் இருக்கிற ___ சிங்கிளும் இனிமே சாதா விலைதான்."

கோடு போட்டிருக்கும் இடம்தான் முக்கியம். அந்த எண்ணைத் தாளில் எழுத மாட்டேன். கேமராவுக்குப் பின்னால் தம்பி ஓர் அட்டையில் தடிமனான மார்க்கரால் மிச்ச எண்ணிக்கையை எழுதிப் பிடித்திருப்பான், ஆர்டர் வர வர அடித்து மாற்றுவான். நான் அந்த அட்டையைப் பார்த்துச் சொல்வேன். என் கண் கேமராவை விட்டு நகர வேண்டிய அவசியமும் இல்லை.

'வெயிட்டிங்' வரியைச் சேர்த்தது பின்னால்தான். கமெண்டில் ஆர்டர் போட்டுவிட்டுப் பணம் அனுப்பாதவர்கள் எல்லா லைவிலும் இருப்பார்கள். கெடு சொல்லாவிட்டால் அவர்களுக்காக எடுத்து வைத்தது பண்டிகை முடிந்தும் அலமாரியிலேயே இருக்கும்.

அப்புறம் அந்த "மூடியாச்சு" கமெண்ட். நான் பேசுவது பார்ப்பவருக்கு அதே நொடியில் போய்ச் சேராது. யூடியூபில் தாமதத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். மிகக் குறைந்த அமைப்பில் பெரும்பாலும் 5 நொடிக்குள், அதற்கு அடுத்ததில் 10 நொடிக்குள் வரும். நெட் மோசமாக இருப்பவருக்கு இன்னும் கூடும். நான் "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணி முடிக்கும்போது சிலர் இன்னும் "ஏழு" கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நேரத்துக்குள்தான் போட்டார்கள், ஆனால் நம் பக்கம் தாமதமாக வந்திருக்கும். அதனால் நான் கவுன்ட் டவுன் எண்ணுவதை விட்டுவிட்டேன். கடிகார நேரம் சொல்கிறேன், எல்லை போடுவதை அந்த ஒரு கமெண்டிடம் விடுகிறேன். தம்பியின் போனில் அதற்கு முன்னால் எது இருக்கிறதோ அது செல்லும், அந்தப் போன்தான் தீர்ப்பு என்பதை லைவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம். அவன் கமெண்ட் போட்டதும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுவான்.

உங்கள் தாமதம் எவ்வளவு என்று பார்ப்பது எளிது. நொடி ஓடும் கடிகாரத்தை ஒரு போனில் திறந்து கேமரா முன் பிடியுங்கள். இன்னொரு போனில், வேறு நெட்டில், உங்கள் லைவைப் பாருங்கள். கையில் இருப்பது 40 நொடி காட்டும்போது திரையில் 28 காட்டினால், தாமதம் 12 நொடி. ஆர்டரைத் தட்டச்சு செய்ய இன்னொரு 15 நொடி சேர்த்துக்கொள்ளுங்கள். 8:20 என்று சொன்ன ஆஃபருக்கு "மூடியாச்சு" கமெண்ட் 8:20:27-க்குப் போனால் யாருக்கும் குறை இருக்காது. இந்த அரை நிமிடம் முன்கூட்டியே கணக்கிட்டது, ஒவ்வொரு ஆஃபருக்கும் ஒன்றுதான். கூட்டத்தைப் பார்த்து நீட்டுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எட்டு சிங்கிளில் மூன்றுதான் போனது என்றால்? மூடிவிடுவேன். மிச்ச ஐந்தும் சாதா விலைக்குத்தான். வயிறு எரியும், சரி. அதை அன்றிரவே கடைசி ஆஃபரில் சேர்த்து மறுபடி குறைப்பதையும் செய்வதில்லை, 8:15-க்கு அவசரப்பட்டு வாங்கியவர் அப்போதும் பார்த்துக்கொண்டிருப்பார்.

டெலிவரிக்கு என்று சீட்டின் உச்சியில் சிவப்பில் ஒரு வரி: "இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டுக்குள்ள பணம் வந்தா ___ தேதிக்குள்ள வீட்டுக்கு வந்துரும், அதுக்கப்புறம்னா பண்டிகைக்கு அப்புறம்தான்." அந்தத் தேதியைக் கூரியரிடம் கேட்டு, ஒரு நாள் கூட்டி எழுதுவேன். இதை மட்டும் சுழற்சி முறையிலிருந்து கடன் வாங்கி, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வேன். தம்பி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதுதான் அதற்கு அடையாளம்.

லைவ் முடிந்து பதிவு அப்படியே இருந்தால், மறுநாள் பார்ப்பவரும் "ரெண்டு டபுள்" என்று போடுவார். பதிவின் விவரத்தில் முதல் வரியாகவும் பின் செய்த கமெண்டாகவும் "ஆஃபர் மூன்றும் முடிந்தன, இப்போது சாதா விலை" என்று எழுதிவிட்டுத்தான் நாங்கள் விரிப்புகளை மடிக்க உட்காருவோம்.